வசூலுக்குப் போன ஆளை நிறுத்திவிட்டோம், கடைகளுக்கு எப்படிச் சொல்வது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

மொத்த வியாபாரம் செய்கிறவர்கள் என்னிடம் கொண்டுவரும் வழக்குகளில் இது ஒரு தனி ரகம். லைனுக்குப் போய்க்கொண்டிருந்த சேல்ஸ்மேனை ஏதோ காரணத்துக்காக நிறுத்திவிடுகிறார்கள். பத்து நாள் கழித்து ஒரு கடைக்காரரிடம் பாக்கி கேட்டால், "உங்க ஆள்கிட்டதான் போன வாரம் கொடுத்தேனே" என்கிறார், ரசீதையும் காட்டுகிறார். "அவர் எங்க ஆளே இல்லையே, அஞ்சாம் தேதியே அனுப்பிட்டோம்" என்று முதலாளி சொல்கிறார். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இந்தச் சண்டையில் பெரும்பாலும் தோற்பது முதலாளிதான், அது அவருக்கு அநியாயமாகப் படுகிறது.

ஆளை அனுப்பிய அன்றே சரியான ஒரு முடிவை எடுத்திருந்தால் அந்த நஷ்டத்தில் பெரும்பகுதி வந்திருக்காது. அப்போது நான்கு வழிகள் கையில் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் விடலாம், பேப்பரில் விளம்பரம் கொடுக்கலாம், ஒவ்வொரு கடைக்கும் நேரடியாகச் சொல்லலாம், அல்லது பணம் வரும் பாதையையே மாற்றலாம். எதை எடுப்பது என்று திண்டாடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்பது தெரிய வேண்டும். நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 237 சொல்வது இது: முகவர் அதிகாரமில்லாமல் ஒன்றைச் செய்தாலும், அது அவர் அதிகாரத்துக்குள் வருகிறது என்று வெளியாள் நம்பும்படி முதலாளி தன் வார்த்தையாலோ நடத்தையாலோ செய்திருந்தால், முதலாளி அதற்குக் கட்டுப்பட்டவர். இதைத்தான் தோற்ற அதிகாரம் என்கிறோம். இங்கே கவனிக்க வேண்டியது, அந்தத் தோற்றத்தை யார் உண்டாக்கினார் என்பது. சேல்ஸ்மேன் தானாகவே "எனக்கு எல்லா அதிகாரமும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டால் அது முதலாளியைக் கட்டாது. ஆறு வருடம் அவரையே வசூலுக்கு அனுப்பி, அவர் கொண்டுவந்த பணத்தையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் வரவு வைத்தால், அது முதலாளியின் நடத்தை, அது கட்டும்.

நிறுத்திய ஆளைப் பற்றிப் பிரிவு 208 தனியாகவே பேசுகிறது. முகவரின் அதிகாரம் முடிந்துபோனது, வெளியாளைப் பொறுத்தவரை, அது அவருக்குத் தெரியவரும் வரை நடைமுறைக்கு வராது. இதை விளக்கச் சட்டத்திலேயே ஒரு கதை இருக்கிறது. மெட்ராஸில் இருக்கும் ஒருவர், பம்பாய் கிடங்கில் உள்ள தன் பருத்தியை விற்கச் சொல்லி முகவருக்குக் கடிதம் எழுதுகிறார். அப்புறம் மனம் மாறி, விற்க வேண்டாம், மெட்ராஸுக்கு அனுப்பு என்று இன்னொரு கடிதம் போடுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் முகவர் பருத்தியை விற்கிறார், பணத்தோடு ஓடியும் விடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் கொடுத்ததுதான் என்கிறது சட்டம். முகவருக்கு எப்போது தெரிந்தது என்பது அங்கே எடுபடவில்லை, வாங்கியவருக்கு என்ன தெரியும் என்பதுதான் எடுபட்டது.

ஆகவே ஒவ்வொரு வழியையும் நான்கு கேள்விகளால் சோதிக்கலாம். ஒன்று, செய்தி அந்தக் கடைக்காரரின் காதுக்கு உண்மையில் போய்ச் சேருமா. இரண்டு, சேர்ந்தது என்று பின்னால் நிரூபிக்க முடியுமா. மூன்று, எத்தனை நாளில் சேரும், ஏனென்றால் கெட்ட எண்ணம் உள்ள ஆள் முதல் வாரத்திலேயே லைனைச் சுற்றி வந்துவிடுவார். நான்கு, வெளியே தெரியாத செலவு என்ன.

## ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடை. அதன் சேல்ஸ்மேன் ஆறு வருடமாகத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி லைனில் 62 கடைகளுக்குப் போய் ஆர்டர் எடுக்கிறார், ரொக்கம் வசூல் செய்து கடையின் பெயர் போட்ட ரசீது கிழித்துக் கொடுக்கிறார். ஏப்ரல் 5-ஆம் தேதி அவரை நிறுத்துகிறார்கள். ரசீதுப் புத்தகம் ஒன்றும் அடையாள அட்டையும் அவரிடமே இருந்துவிடுகின்றன. 9-ஆம் தேதியிலிருந்து 12-ஆம் தேதிக்குள் அவர் நான்கு இடங்களுக்குப் போகிறார்.

பழனிக் கடை பழைய பாக்கி 48,000 ரூபாயைக் கொடுக்கிறது. ஒட்டன்சத்திரம் கடைக்காரர், ஆள் மாறிவிட்டார் என்ற வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்துச் "சரி" என்று பதிலும் போட்டவர், பழகிய மனிதர் என்று 35,000 கொடுக்கிறார். வேடசந்தூரில் இதுவரை இந்தக் கடையோடு வியாபாரமே செய்யாத ஒரு புதுக் கடை, அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆர்டருக்கு 20,000 முன்பணம் தருகிறது. நத்தத்தில் ஒருவர், "முதலாளிக்கு அவசரம், மாசம் ரெண்டு வட்டி" என்று கேட்டதால் ஒரு லட்சம் கடனாகக் கொடுக்கிறார்.

இந்த நாலு பேருக்கும் பதில் ஒன்றல்ல. வழிகளைப் பார்த்துவிட்டு இவர்களிடம் திரும்பி வருவோம்.

## வழி 1: ஆளை அனுப்பிவிட்டுச் சும்மா இருப்பது

பெரும்பாலோர் செய்வது இதுதான். செலவு இல்லை, ஊரில் பேச்சும் இல்லை. ஆனால் முதல் கேள்வியிலேயே இது விழுந்துவிடுகிறது, கடைக்காரருக்கு எதுவும் தெரிவதில்லை. 1857-இல் இங்கிலாந்தில் தீர்ப்பான சம்மர்ஸ் எதிர் சாலமன் வழக்கு அப்படியே இந்தக் கதைதான். லூயிஸ் என்ற ஊரில் நகைக்கடை வைத்திருந்தவர் தன் உறவுக்காரப் பையனை மேனேஜராக வைத்திருந்தார். பையன் ஆர்டர் செய்யும் நகைகளுக்கு அவர் வழக்கமாகப் பணம் கொடுத்துவந்தார். பையன் வேலையை விட்டுப் போன பிறகு, அதே வியாபாரியிடம் முதலாளி பெயரைச் சொல்லி நகை வாங்கிக்கொண்டு காணாமல் போனான். வேலை முடிந்த செய்தி வியாபாரிக்குப் போகாததால் அந்த நகைக்கும் முதலாளியே பணம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த வழி பொருந்தும் இடம் ஒன்று உண்டு. கணக்கெழுதுபவர், குடோனில் மூட்டை இறக்குபவர் என்று வெளியாட்களிடம் கடையின் பெயரில் பேசாத, பணம் தொடாத ஊழியர் போனால் ஊருக்குச் சொல்லத் தேவையில்லை. வசூலுக்குப் போனவர் என்றால் ரசீதுப் புத்தகம், அடையாள அட்டை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாவற்றையும் அன்றே எண்ணி வாங்குவது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. பழகிய கடையில் ரசீது கேட்காமலேயே பணம் கொடுப்பார்கள்.

## வழி 2: பேப்பரில் விளம்பரம்

"இந்தப் புகைப்படத்தில் உள்ளவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரியவில்லை, இவருடன் வைத்துக்கொள்ளும் வரவு செலவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல." நாம் எல்லோரும் பார்த்த விளம்பரம்தான். இதைக் கொடுத்துவிட்டால் சட்டப்படி எல்லாம் முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள், எனக்குக் கவலை தருவது அந்த நிம்மதிதான்.

அந்த நம்பிக்கை கூட்டாண்மைச் சட்டத்திலிருந்து வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பங்குதாரர் விலகும்போது "பொது அறிவிப்பு" கொடுக்க 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் ஒரு முறையே வகுத்திருக்கிறது. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசிதழிலும் அந்த மாவட்டத்தில் ஓடும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலாவது வெளியிட வேண்டும். அதைச் செய்தால் சட்டம் அதை ஏற்கிறது. சம்பளத்துக்கு இருந்த சேல்ஸ்மேனுக்கு அப்படி ஒரு முறை ஒப்பந்தச் சட்டத்தில் இல்லை. அங்கே இருப்பது "அவர்களுக்குத் தெரியவரும் வரை" என்ற வார்த்தைகள்தான். பழனிக் கடைக்காரர் "நான் அந்தப் பேப்பர் வாங்குவதே இல்லை" என்றால், அவருக்குத் தெரிந்தது என்று காட்ட வேண்டிய வேலை முதலாளி தலையில் விழுகிறது.

விளம்பரம் வீண் என்று சொல்லவில்லை. புதிதாக வரக்கூடியவர்கள், நம் லெட்ஜரில் இல்லாதவர்கள், இவர்களுக்குக் கடிதம் போட முடியாது, அவர்களை எட்ட இருக்கும் ஒரே கருவி இதுதான். நாம் நல்லெண்ணத்தோடு நடந்தோம் என்று காட்டவும் உதவும்.

மறைவான செலவு, வார்த்தைகளில் இருக்கிறது. கோபத்தில் "பண மோசடி செய்ததால் நீக்கப்பட்டார்" என்று போட்டுவிட்டு, பிறகு அதை நிரூபிக்க முடியாமல் அவதூறு வழக்கில் எதிரியாக நின்றவர்கள் உண்டு. தன் நலனைக் காக்க நல்லெண்ணத்தோடு சொன்னதற்கு அவதூறுச் சட்டத்தில் விதிவிலக்கு இருக்கிறது, ஆனால் அதை நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். "இந்தத் தேதி முதல் எங்களிடம் பணியில் இல்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

## வழி 3: ஒவ்வொரு கடைக்கும் நேரடியாகச் சொல்வது

பிரிவு 208 கேட்பதை நேராகக் கொடுப்பது இதுதான். 62 கடை என்றால் இரண்டு நாள் வேலை. ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் போட்டுவிட்டோம் என்பார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். லைனில் இருக்கும் கடைக்காரர் சேமித்து வைத்திருப்பது பல நேரம் சேல்ஸ்மேனின் எண்ணைத்தான், கடையின் எண்ணை அல்ல. நீல டிக் வரவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை, அதை அணைத்து வைத்திருக்கலாம். அதனால் தனித்தனியாக அனுப்பி, உடனே போனும் செய்து, "சரி" என்று ஒரு பதிலாவது வாங்குங்கள். அந்தப் பதிலைக் கோர்ட்டில் காட்ட வேண்டி வந்தால் மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் தேவைப்படும் என்பதால் அந்தப் போனை மாற்றவோ அரட்டையை அழிக்கவோ கூடாது.

இதோடு கடிதமும் போகட்டும், அதில் அந்தக் கடையின் பாக்கித் தொகையையும் எழுதுங்கள். "05-04 தேதிப்படி உங்கள் கணக்கில் பாக்கி ரூ. 48,000. இன்னார் அன்று முதல் எங்களிடம் பணியில் இல்லை. இனி தொகையைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்தவும். தொகை சரி என்றால் நகலில் கையெழுத்திட்டு அனுப்பவும்." இந்த நாலு வரிக் கடிதம் மூன்று வேலை செய்கிறது. செய்தி சேர்ந்ததற்குக் கையெழுத்தோடு ஆதாரம் கிடைக்கிறது. கெடு தாண்டாத கடனுக்கு எழுத்தில் ஒப்புதல் கிடைப்பதால் வழக்குப் போடுவதற்கான காலவரையறை புதிதாக எண்ணத் தொடங்குகிறது. முக்கியமாக, "48,000 இல்லைங்க, மார்ச்லயே 15,000 கொடுத்துட்டேன்" என்று யாராவது சொன்னால், வேலையில் இருந்தபோதே எடுத்தது வெளியே வந்துவிடுகிறது. அந்த 15,000-க்கு முதலாளி வாதாடவே முடியாது, அன்றைக்கு சேல்ஸ்மேனுக்கு உண்மையான அதிகாரமே இருந்தது.

கடை முதலாளி நேரில் கிடைக்கவில்லையா? அந்தக் கடையில் கொள்முதலையும் பட்டுவாடாவையும் பார்த்துக்கொள்ளும் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். முகவருக்கு அவர் பார்க்கும் வேலையின் போக்கில் கிடைத்த தகவல் அவருடைய முதலாளிக்கே கிடைத்ததாகக் கருதப்படும் என்று பிரிவு 229 சொல்கிறது. வாசலில் நிற்கும் பையனிடம் கொடுத்தால் அது பொருந்தாது.

இந்த வழியின் செலவு பணத்தில் இல்லை. லைன் முழுக்கச் செய்தி பரவியதும் சில கடைகள் "கணக்கு தீரட்டும்" என்று பாக்கியை நிறுத்தி வைக்கும், ஒரு மாதம் வசூல் சுணங்கும். போன ஆள் போட்டிக் கடையில் சேர்ந்திருந்தால் சில கடைகள் அவரோடு போய்விடும், நீங்கள் சொல்லாவிட்டாலும் அது நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. பெரிய தடை வேறொன்று. பல கடைகளில் லெட்ஜரில் "பழனி முருகன் ஸ்டோர்ஸ்" என்று பெயர் மட்டும்தான் இருக்கிறது, விலாசமும் போன் எண்ணும் சேல்ஸ்மேன் தலையில் இருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த வழி திறப்பதே இல்லை.

## வழி 4: பணம் வரும் பாதையை முன்பே மாற்றுவது

இது ஆள் போகும் நாளுக்கு முன்னால் செய்ய வேண்டியது. "ஊழியரிடம் ரொக்கம் தர வேண்டாம், நிறுவனக் கணக்கில் மட்டும் செலுத்தவும்" என்று ஒவ்வொரு பில்லிலும் அச்சடிப்பது, அக்கவுண்ட் பேயி செக் அல்லது நிறுவனத்தின் க்யூஆர் மட்டும் ஏற்பது. ஆர்டர் எடுக்கும் அதிகாரமும் பணம் வாங்கும் அதிகாரமும் இரண்டாகப் பிரிந்துவிடுகின்றன. எல்லை எது என்று தெரிந்த பிறகு, எல்லை மீறியதை நம்பினேன் என்று கடைக்காரர் சொல்ல முடியாது. நான்கில் மிகப் பலமானது இதுதான் என்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

பில்லில் அப்படி அச்சடித்துவிட்டு, வாரா வாரம் சேல்ஸ்மேன் கொண்டுவரும் ரொக்கத்தை முதலாளியே எண்ணி வாங்கி வரவு வைத்தால் அந்த வரிக்கு மதிப்பு போய்விடுகிறது. வார்த்தை ஒன்று சொல்கிறது, நடத்தை வேறொன்று சொல்கிறது, கடைக்காரர் பார்ப்பது நடத்தையைத்தான். இப்போது அதிகம் பார்ப்பது இதன் புது வடிவம்: "அவசரத்துக்கு என் ஜிபே-க்குப் போடுங்க" என்று சேல்ஸ்மேன் தன் சொந்த எண்ணைக் கொடுப்பார், கடைக்காரர் போடுவார், அவர் கடைக்கு மாற்றுவார், முதலாளியும் சரி என்று விடுவார். முதல்முறையே மறுத்திருந்தால், திரையில் தனிநபர் பெயர் வந்தும் ஏன் போட்டீர்கள் என்று கடைக்காரரைக் கேட்கலாம். பத்து முறை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் முதலாளி இல்லை.

செலவு என்றால், ரொக்கத்தில் பழகிய சிறு கடைகள் முணுமுணுக்கும், சில விலகும். அவர்களிடம் பேச ஒரு நியாயம் உண்டு. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த கொள்முதலை வருமான வரியில் செலவாகக் கழிப்பதில் அவர்களுக்கே சிக்கல் இருக்கிறது.

## ஒரே பார்வையில்

| | சும்மா இருப்பது | விளம்பரம் | நேரடியாகச் சொல்வது | பாதையை மாற்றுவது |
|---|---|---|---|---|
| பழைய கடைக்குச் சேருமா | சேராது | படித்தால்தான் | சேரும் | பில் மூலம் முன்பே சேர்ந்திருக்கும் |
| புது ஆளுக்குச் சேருமா | சேராது | ஓரளவு | சேராது | முதல் பில் வரும் வரை சேராது |
| நிரூபிக்க முடியுமா | இல்லை | வெளியிட்டதை மட்டும் | கையெழுத்து இருந்தால் முழுதாக | நடத்தை ஒத்துப்போனால் |
| எத்தனை நாள் | - | ஓரிரு நாள் | இரண்டு மூன்று நாள் | மாதக்கணக்கு |
| மறைவான செலவு | முழு நஷ்டம் | அவதூறு, பொய்யான நிம்மதி | வசூல் சுணக்கம் | ரொக்கக் கடைகள் விலகுவது |

## அந்த நாலு பேர்

பழனிக் கடைக்காரருக்கு நேரடிச் செய்தி போகவில்லை என்றால் அவருடைய 48,000 தீர்ந்தது. அவரிடம் மறுபடி கேட்கக் கூடாது, முன்னாள் சேல்ஸ்மேன் மேல்தான் போக வேண்டும். ஒட்டன்சத்திரம் கடைக்காரர் தெரிந்தே கொடுத்தார், அவருடைய 35,000 இன்னும் பாக்கிதான்.

வேடசந்தூர்தான் கஷ்டமானது. அவருக்கு முன்பழக்கம் இல்லை, ஆறு வருட நடத்தையை அவர் பார்க்கவில்லை. ஆனால் அவர் பார்த்த அடையாள அட்டையும் ரசீதும் முதலாளி அச்சடித்துக் கொடுத்தவை, திரும்ப வாங்காமல் விட்டவை. இது முதலாளிக்கு எதிராகத் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அட்டையை வாங்க முயன்று, சேல்ஸ்மேன் தராததால் போலீஸில் புகார் கொடுத்த நகல் இருந்தால் வாதாட இடம் இருக்கிறது. இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு: ஆர்டர் நல்ல ஆர்டர் என்று சரக்கை அனுப்பிவிட்டு, முன்பணத்தை மட்டும் ஏற்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒரு பகுதியை ஏற்றால் முழுதையும் ஏற்றதாகும் என்கிறது பிரிவு 199.

நத்தத்துக்காரரின் ஒரு லட்சத்துக்கு முதலாளி பொறுப்பில்லை. ஜவுளி வசூலுக்குப் போகிற ஆளுக்குக் கடன் வாங்கும் அதிகாரம் இருப்பதாக முதலாளி எதையும் சொல்லவோ செய்யவோ இல்லை. 1978-இல் ஸ்டேட் வங்கி எதிர் ஷ்யாமா தேவி வழக்கில், தெரிந்த வங்கி ஊழியரிடம் கணக்கில் போடச் சொல்லிக் கொடுத்த பணத்தை அவர் சுருட்டியபோது, அதை அவர் வங்கியின் வேலையாக வாங்கவில்லை என்று சொல்லி வங்கி பொறுப்பல்ல என்றது உச்ச நீதிமன்றம். பணத்தை வாங்கியவர் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்பது மட்டும் போதாது.

## யாருக்கு எது

லெட்ஜரில் விலாசமும் எண்ணும் இருக்கிற, நூறு கடைக்குள் வியாபாரம் என்றால் நேரடிக் கடிதம், வேறு யோசனையே வேண்டாம். ஆள் பல ஊரில் புது ஆர்டர் பிடிக்கிறவராக இருந்தால் அதோடு விளம்பரமும் சேரட்டும். விலாசம் இல்லாதவர்கள் விளம்பரத்தை நம்பி உட்கார வேண்டாம், புது சேல்ஸ்மேனை மறுநாளே அதே லைனில் முதலாளியோ மேனேஜரோ கூட்டிக்கொண்டு போய், கடை கடையாக இறங்கிக் கணக்கை ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்கிவருவது நல்லது. பழைய ஆள் சுற்றும் வேகத்தைவிட அந்த வண்டி வேகமாகப் போக வேண்டும் என்பதால், லெட்ஜரில் பெரிய பாக்கி உள்ள கடைகளிலிருந்து தொடங்குங்கள், ஊர் வரிசைப்படி அல்ல.